பதினேழாம் இலக்கத்துப் பால்

கணக்குப் பரிசோதகர் பாக்கியரத்தினத்துக்கு முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள். சொந்தப் பற்களை வேறொரு சங்கத்தின் செயலாளர் கதிரைக் காலால் அடித்து உடைத்திருந்தான். இவர் அவனுக்குச் செய்த பாவமெல்லாம், ஏடுகளைச் சரிப்படுத்திக் காட்டுவதற்கு ஒரு கிழமை தவணை கொடுத்ததுதான். அந்தக் கிழமைக்குள் ஏடுகள் அலுமாரியோடு எரிந்து சாம்பலாயின. எரிந்தது எப்படி என்று கேட்கப் போன இடத்தில் வாய் நிறைய இரத்தத்தோடு திரும்பி வந்தார்.

அதன் பிறகு மனுஷன் இரண்டு முடிவுகளோடு வாழ்ந்தார். இனி எவனுக்கும் தவணை இல்லை. செயலாளர் என்று ஒருவன் வாய் திறந்து சொல்வதில் ஒரு சொல்லையும் நம்புவதில்லை. பல்லைக் கொடுத்து வாங்கிய புத்தி என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் புத்திதான் கண்டலடியில் ஒரு உயிரைக் குடித்தது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், திருகோணமலையிலிருந்து லாஞ்சுப் படகில் மூதூருக்குக் கடந்து, அங்கிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி கண்டலடிக்கு வந்து இறங்கினார். வெருகல் ஆற்றின் ஒரு கிளை ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மாரி வெள்ளம் இன்னும் வடியவில்லை. பால் உற்பத்தியாளர் சங்கம் என்பது தகரம் போட்ட ஒரு மண்டபமும் பின்னால் ஒரு அறையும்தான். அவர் இறங்கிய நேரம் மண்டபத்தில் அடிபிடி நடந்துகொண்டிருந்தது.

வரிசையில் இடையில் புகுந்த ஒருவனை இன்னொருவன் பால் வாளியாலேயே மண்டையில் போட்டுவிட்டான். அடித்தவன் பெயர் ஸஹாப்தீன். முப்பது வயது, கைகள் இரண்டும் மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தன. அவனை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் அவனுடைய தமையன் ஆதம்பாவா. ஊரின் மாட்டுப் பட்டிக்காரர். நெஞ்செலும்பு தெரிகிற மெலிந்த மனிதர், தாடி பாதி நரைத்தவர்.

"விடுடா தம்பி, பால் புளிச்சிரும், விடு" என்று அவர் கெஞ்சினார். மண்டை உடைந்தவனைப் பற்றி அவருக்குக் கவலையில்லாமல் இல்லை. ஆனால் பால்தான் முதலில் வாயில் வந்தது. பாக்கியரத்தினத்துக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

சங்கத்தின் செயலாளர் சிவபாதம் ஓடிவந்து பையை வாங்கினார். ஐம்பது வயது, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பழக்கம். பாக்கியரத்தினம் சிரிக்கிற செயலாளர்களைக் கண்டு வந்தவர். பையைக் கொடுக்கவில்லை.

வேலை முறை எல்லாச் சங்கங்களிலும் உள்ளதுதான். விடியற்காலையில் உறுப்பினர் பாலோடு வருவார். செயலாளர் பால்மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அளவைக் குவளையால், அரை லீற்றருக்குச் சற்று மேலான பைந்துக் கணக்கில் அளந்து பெரிய பால் கானில் ஊற்றுவார். அளந்ததை உறுப்பினர் இலக்கத்துக்கு நேரே பால் பதிவேட்டில் எழுதி, அதையே உறுப்பினரின் அட்டையிலும் எழுதிக் கொடுப்பார். கான்களை லொறி வந்து ஏற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்துக்குப் போகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பதிவேட்டைக் கூட்டிக் கொடுப்பனவுத் தாள் தயாரிக்க வேண்டும். இலக்கம், பைந்து, ஒரு பைந்துக்கு ஐம்பது சதம், கடனுக்குக் கழிவு, மிச்சம், கைநாட்டு. அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலை. ஆனால் அதில்தான் எத்தனை பேர் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது பாக்கியரத்தினத்துக்குத் தெரியும்.

முதல் நாள் முழுக்க இருந்து கூட்டினார். பதிவேட்டின் மொத்தமும் கொடுப்பனவுத் தாளின் மொத்தமும் ஒரு பைந்து பிசகாமல் ஒத்துவந்தன. நிலையத்தின் பற்றுச்சீட்டுகளும் ஒத்துவந்தன. சிவபாதம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார். வேறொருவர் என்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். இவர் மறுநாள் ஒவ்வொரு வரியாக இலக்கத்துக்கு இலக்கம் பார்த்தார். அங்கேதான் பிடிபட்டது.

பதினேழாம் இலக்கம் ஆதம்பாவா. பதிவேட்டின்படி போன பதினைந்து நாள் தவணைக்கு அவர் ஊற்றிய பால் ஐந்நூற்று அறுபது பைந்து. கொடுப்பனவுத் தாளில் அவருக்குக் காசு கொடுபட்டது எண்பத்து நான்கு பைந்துக்கு மட்டும். மிச்சம் நானூற்று எழுபத்தாறு பைந்தின் காசு பதினொரு உறுப்பினர்களுக்குப் பிரிந்து போயிருந்தது. அந்தப் பதினொரு பேருடைய இலக்கங்களுக்கு நேரே பால் பதிவேட்டில் ஒரு துளி பால் இல்லை. அந்தத் தவணையில் மட்டுமல்ல, போன வருடமும் இல்லை. பெயர்களில் பாதி பெண்களுடையவை. கைநாட்டுகள் எல்லாம் ஒரே மையில், ஒரே இருப்பில் வைத்தவை போல இருந்தன.

பாக்கியரத்தினத்துக்கு உடம்பு சூடேறியது. மொத்தத்தில் பிசகு விடுகிறவன் சில்லறைக் கள்ளன். மொத்தத்தைச் சரியாக வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுகிறவன் தேர்ந்த கள்ளன். எழுத்து வாசனை இல்லாத ஒரு மனிதரின் பாலை எழுதி வைத்து, காசை இரவல் பெயர்களுக்குப் பிரித்துத் தின்கிறார்கள். பாலுக்காகத் தம்பியை இடுப்போடு கட்டிப்பிடித்த அந்த நெஞ்செலும்பு அவர் கண்ணுக்குள் வந்தது.

சிவபாதத்தைக் கூப்பிட்டார். சிரிப்பு நின்றிருந்தது.

"ஐயா, அது குறிப்படி பிரிக்கிறது. மாடு பன்னிரண்டு வீட்டுக்காரருடையது. எல்லாம் ஆதம்பாவாவின்ட பட்டியிலதான் நிக்குது. அவர்தான் கறந்து ஒண்டாக் கலந்து கொண்டுவாறார். ஆர் ஆருக்கு எத்தனை கறவை எண்டு எனக்குத் தெரியும். அதன்படி காசைப் பிரிச்சுக் குடுக்கிறன்."

"எழுத்தில இருக்கா? அவர் எங்களுக்காக ஊத்தலாம் எண்டு பதினொரு பேரும் கையெழுத்து வச்ச நியமனக் கடிதம்? கூட்ட அறிக்கையில தீர்மானம்?"

"இல்லை ஐயா. இது சங்கம் துவங்க முந்தியே உள்ள வழக்கம். பட்டி ஆத்துக்கு அங்கால மேட்டில நிக்குது. ஒருக்கா வந்து மாட்டைப் பாருங்கோ. பார்த்தா விளங்கும்."

ஆற்றில் தண்ணீர் மார்பளவு. அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று சங்கங்கள் பார்க்க இருந்தன. அதோடு, கள்ளன் காட்டுகிற இடத்தைப் போய்ப் பார்க்கிறவனும் ஒரு பரிசோதகனா?

"அப்ப ஒரு கிழமை தாங்கோ ஐயா. எல்லாரிட்டயும் கடிதம் வாங்கித் தாறன்."

ஒரு கிழமை! நாக்கு தானாகப் பொய்ப்பற்களைத் தடவியது. "ஒரு நாளும் தர ஏலாது" என்று சொல்லி, அலுமாரியைப் பூட்டி அதன் திறப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆதம்பாவாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கதிரையில் இருக்கச் சொன்னார், அவர் இருக்கவில்லை.

"எல்லாம் என்ட பால் இல்ல ஐயா. எனக்கு ஆறு கறவைதான். ஊராக்கள்ற பால் அது. செயலாளர் ஐயா சரியாத்தான் பிரிக்கிறார்."

சொல்லும்போது அவர் கண் சிவபாதத்தின் கதவுப் பக்கம் போனது. பயம் என்று பாக்கியரத்தினம் எழுதிக்கொண்டார். பயம்தான், ஆனால் எதற்குப் பயம் என்பதில் பரிசோதகர் கோட்டைவிட்டார். "பயப்பட வேண்டாம், நான் இருக்கிறன்" என்று அவருடைய தோளில் தட்டினார். அந்தத் தோள் ஒடுங்கியது.

யோகம்மா என்ற விதவை ஒருத்தி தானாகவே வந்து சத்தம் போட்டாள். "என்ட நாலு மாட்டுக் காசை ஏன் நிப்பாட்டப் போறியளாம்?"

"நீங்கள் கடைசியா எப்ப அம்மா பால் ஊத்தினனீங்கள்?"

"நான் ஏன் ஊத்த வேணும்? பட்டிக்காரர் ஊத்துறார்."

"அப்ப உங்கட பேரில பால் இல்லை."

மாடு தன்னுடையது, பாலும் தன்னுடையது, ஆனால் தன் பேரில் பால் இல்லை என்பதை எந்தப் பக்கத்தால் பிடித்து மறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உறுப்பினர் கூட்டம் வைத்தார். மண்டபம் நிறைந்திருந்தது. பாக்கியரத்தினம் எழுந்து, நல்ல கணீரென்ற குரலில், பதிவேட்டை வாசித்தார். ஐந்நூற்று அறுபது பைந்தும் ஆதம்பாவாவின் பால் என்றார். இவ்வளவு காலமும் அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது என்றார். நாளைக்குக் கொடுபடப் போகிற இந்தத் தவணையிலும் அவர் பேரில் அதே அளவுதான் ஏறியிருக்கிறது. இனிமேல் எவர் பேரில் பால் எழுதப்படுகிறதோ அவருக்குத்தான் காசு என்றார். தாம் ஒரு ஏழையின் பக்கம் நிற்கிறோம் என்ற இன்பத்தில் பதினேழாம் இலக்கத்து வரியை இன்னொருமுறை வாசித்தார். அந்த இன்பம் உண்மையானது, அந்த மனுஷன் கெட்டவர் இல்லை.

பின் வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். முனாப். ஆதம்பாவாவின் தங்கை றுக்கியாவைக் கட்டியவன், ஆதம்பாவாவுக்கு மச்சான். கலியாணத்தில் றுக்கியாவுக்கு வீடும் வளவும் ஐந்து கறவை மாடுகளும் சீதனமாகக் கொடுபட்டன. மாடுகள் அண்ணன்மாருடைய பட்டியிலேயே நின்றன. காசு மட்டும் இருபத்து நான்காம் இலக்கத்தில், றுக்கியாவின் பேரில் வந்துகொண்டிருந்தது. மனைவியின் வீட்டில், மனைவியின் மாட்டுக் காசில் சீவிக்கிறவன் என்று ஊரில் நாலு பேர் நக்கல் அடிப்பது முனாபின் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருந்தது.

"எல்லாப் பாலும் இவர்ற எண்டா, எல்லா மாடும் இவர்றயா?" என்று கேட்டான்.

"பதிவேட்டின்படி பால் அவருடையது" என்றார் பாக்கியரத்தினம்.

முனாப் மச்சானைப் பார்த்தான். "குடுத்த சீதனத்தை எழுத்தில திருப்பி எடுத்திட்டீங்க. நல்லா இருக்கு, மச்சான். வாய்விட்டுக் கேட்டிருந்தா அவிழ்த்து விட்டிருப்பனே."

"அல்லாவுக்காக மச்சான், நான் ஒண்டும் கேக்கல்ல" என்றார் ஆதம்பாவா. பக்கத்தில் ஸஹாப்தீன் எழுந்துவிட்டான். இரண்டு பேரையும் நாலு பேர் பிடித்தார்கள். அன்று ஒரு மர வாங்கும் இரண்டு விளக்கும் உடைந்ததோடு முடிந்தது.

மறுநாள் கொடுப்பனவு. பாக்கியரத்தினம் தானே தாளை எழுதினார். பதினேழாம் இலக்கம், ஐந்நூற்று அறுபது பைந்து, இருநூற்று எண்பது ரூபாய். அப்போது சிவபாதம் மெல்லிய குரலில் ஒன்று சொன்னார். ஆதம்பாவா பட்டிக்குக் கொட்டகை போட்டு முள்ளுக்கம்பி அடிக்கச் சங்கத்தில் எடுத்த கடன் தவணை பிந்திக் கிடந்தது. சட்டப்படி, பிந்திய கடனுக்குப் பால் காசில் பாதி கழிக்க வேண்டும். எண்பத்து நான்கு பைந்தின் காசில் பாதி என்றால் இருபத்தொரு ரூபாய். இப்போது?

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார் பாக்கியரத்தினம். நூற்று நாற்பது ரூபாயைக் கடனில் வரவு வைத்தார். மிச்சம் நூற்று நாற்பதை ஆதம்பாவாவின் கையில் கொடுத்து, கைநாட்டும் தன் முன்னாலேயே வாங்கினார். இனிமேல் எவருக்கும் காசு கொடுக்கும்போது கைநாட்டை நேருக்கு நேர் வாங்க வேண்டும், வீடு வீடாகத் தாளைக் கொண்டுதிரியக் கூடாது என்று உத்தரவும் எழுதி வைத்தார்.

ஆதம்பாவா காசைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது காணாது ஐயா" என்றார். "ஊராக்களுக்கே இருநூத்து முப்பத்தெட்டு ரூபா குடுக்க வேணும்."

"நீங்கள் ஒருவருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை."

அவர் அந்த நூற்று நாற்பதையும் பதினொரு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். தனக்கென்று ஒரு சதம் வைக்கவில்லை. றுக்கியாவுக்கு முப்பத்தைந்து ரூபாய் போக வேண்டும், இருபது போயிற்று. பின்னேரம் நாலு மணிக்கு முனாப் சங்கத்துக்குள் வந்தான். மேசையிலிருந்த பால்மானியை எடுத்துச் சுவரில் அடித்தான். கண்ணாடி தெறித்துப் பாக்கியரத்தினத்தின் கன்னத்தைக் கீறியது. அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு ஏற்றி வைத்துக்கொண்டு, "என்ட பொஞ்சாதிர பால் காசுல ஆர்ற கடன்டா கட்டினீங்க?" என்று கேட்டான். மூச்சுத் திணறிய அந்த நேரத்திலும் பாக்கியரத்தினம் உள்ளுக்குள் திருப்திப்பட்டார். இரவல் பெயர்களில் தின்றவனுக்குத்தானே இப்படி எரியும்! சிவபாதம்தான் முனாபின் காலில் விழுந்து கையை விடுவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பால் வந்தது, ஆதம்பாவா வரவில்லை. பட்டியில் வேலை செய்கிறவன் ஒருவன் கானைக் கொண்டுவந்தான். பட்டிக்காரர் குறி சுடுகிற அடுப்பில் தவறி விழுந்துவிட்டாராம்.

திங்கள் விடியற்காலை பதிவேட்டில் பாக்கியரத்தினம்தான் உட்கார்ந்தார். சிவபாதம் அளந்து சொல்ல இவர் எழுதினார். வரிசையில் இரண்டாவதாக முனாப் நின்றான். கையில் வாளி. சீதன மாடுகள் ஐந்தையும் பட்டியிலிருந்து பிரித்துச் சனிக்கிழமையே தன் வளவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தானே கறந்திருந்தான். கை மாறினால் மாடு பாலை அடக்கிவிடும். ஐந்து மாட்டிலும் சேர்த்து மூன்று பைந்துதான் தேறியது.

"ஆற்ற பேரில?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

"இருபத்து நாலு. றுக்கியா. பெரிசா எழுதுங்க" என்றான் முனாப். கண்கள் சிவந்திருந்தன. இரண்டு இரவாக அவன் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

சிவபாதம் புதுப் பால்மானியை மிதக்கவிட்டார். தண்ணீர் இல்லை. மூன்று பைந்தையும் அளந்து கானில் ஊற்றினார். பாக்கியரத்தினம் எழுதினார். ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்தார். முனாப் அட்டைக்காக ஓரமாக நின்றான்.

அப்போது ஆதம்பாவா வந்தார். சட்டை போடவில்லை, முதுகை ஒரு சால்வையால் மூடியிருந்தார். வெளியே ஸஹாப்தீன் சைக்கிளைச் சாத்திவிட்டு, கானைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு நாளாக மூதூரில் நின்றுவிட்டு அன்று காலைதான் வந்திருந்தான். அடுப்புக் கதைதான் அவனுக்கும் சொல்லப்பட்டிருந்தது. முனாபைக் கண்டதும் ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டார். முதல் கானைத் தூக்கி மேடையில் வைக்கக் குனிந்தபோது சால்வை வழுக்கி விழுந்தது.

வலது தோளுக்குக் கீழே, தோல் வெந்து கறுத்து, விளிம்பில் நீர் கட்டியிருந்தது. தவறி விழுந்த காயத்துக்கு இத்தனை துப்புரவான உருவம் இராது. ஒரு பிறை, அதன் கீழே ஒரு கோடு.

"இதென்ன?" என்றார் பாக்கியரத்தினம். அவருடைய குரல் கூட்டத்தில் பேசியது மாதிரியே கணீரென்று வந்தது. "ஆதம்பாவா, இதென்ன அடையாளம்?"

ஆதம்பாவா சால்வையைத் தேடினார். கேட்டால் பதில் சொல்லிப் பழகிய மனிதர்.

"குறி ஐயா."

"என்ன குறி?"

"மாட்டுக் குறி. றுக்கியாட குறி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு குறி இரிக்கி ஐயா."

சிவபாதம் அன்றைக்கே சொன்னார்தானே, வந்து மாட்டைப் பாருங்கோ என்று! பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குறி. ஒவ்வொரு மாட்டின் தொடையிலும் அதன் சொந்தக்காரரின் பெயர் நெருப்பால் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் இருக்கிறதா என்று இவர் கேட்ட கேள்விக்கு அன்று ஆற்றுக்கு அங்கால் நாற்பது மாடுகள் பதிலைச் சுமந்துகொண்டு மேய்ந்தன. அந்த எழுத்து இப்போதுதான், ஒரு மனிதனின் முதுகில், அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. பாக்கியரத்தினத்துக்குத் தான் செய்தது முழுவதும் ஒரே நொடியில் விளங்கியது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் முனாப் இரண்டு பேரோடு பட்டிக்குப் போனான். ஆதம்பாவாவைக் கன்று கட்டுகிற கட்டையில் குப்புறக் கட்டினார்கள். றுக்கியாவின் குறிக்கம்பியை அடுப்பில் பழுக்க வைத்தான். "குறி வச்சாத்தானே என்ட எண்டு தெரியும். மாட்டை நீ எடுத்திட்டாய், நான் உன்னை எடுக்கிறன்" என்று சொல்லி அதை அவர் முதுகில் வைத்தான். ஆதம்பாவா கத்தியதில் மாடுகள் கம்பியை அறுத்துக்கொண்டு ஓடின. பிறகு அவர் செய்த முதல் வேலை, பட்டியில் நின்றவனிடம், தம்பிக்குச் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டதுதான். தம்பியின் கை அவருக்குத் தெரியும். தங்கையின் தாலியை நினைத்து வாயை மூடினார்.

அந்த வாயைத்தான் பாக்கியரத்தினம் திறந்துவிட்டார்.

வாசலில் கான் விழுகிற சத்தம் கேட்டது. ஸஹாப்தீன் கயிறு வெட்டுகிற கத்தியோடு உள்ளே வந்தான். ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தான். தமையனின் முதுகை ஒருதடவை பார்த்தான். முனாப் அட்டைக்கு நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முதல் குத்து விலாவில் இறங்கியது. முனாப் மேசையைப் பிடித்தான். பதிவேடு நிலத்தில் விழுந்தது. இரண்டாவது குத்து கழுத்தின் கீழே இறங்கியது. ஆதம்பாவா குறுக்கே பாய்ந்து மூன்றாவதை உள்ளங்கையில் வாங்கினார்.

"தம்பி! தங்கச்சிர மாப்பிளைடா! வேணாண்டா!"

முனாப் பால் கானைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தான். திறந்திருந்த கானுக்குள் அவன் இரத்தம் கொட்டியது. பாக்கியரத்தினம் கதிரையில் இருந்தபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாலு எட்டு எடுத்து வைத்தால் குறுக்கே நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. ஆதம்பாவா வெட்டுப்பட்ட கையாலேயே மச்சானின் கழுத்துக் காயத்தைப் பொத்திக்கொண்டு கலிமாச் சொல்லிக் கொடுத்தார். முனாபின் உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

ஸஹாப்தீன் கத்தியை மேசையில், பாக்கியரத்தினத்தின் முன்னால் வைத்தான். "இதையும் எழுதிக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தான். பொலிஸ் வரும்வரைக்கும் எழும்பவில்லை.

பிறகு பாக்கியரத்தினம் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். ஆற்றைக் கடந்தார், தண்ணீர் இப்போதும் மார்பளவுதான். ஒவ்வொரு மாட்டின் தொடையையும் பார்த்தார். பன்னிரண்டு குறிகளையும் வரைந்து, சொந்தக்காரரின் இலக்கம் போட்டு, பதினொரு நியமனக் கடிதங்களையும் இரண்டே நாளில் எழுதி முடித்தார். றுக்கியாவின் மாடுகள் பட்டிக்குத் திரும்பின. கடனில் வரவு வைத்த நூற்று நாற்பதைத் திருப்பிக் கேட்டுக் கூட்டுறவு உதவி ஆணையாளருக்கு எழுதினார். ஒருமுறை கடனுக்கு வரவு வைத்த காசை மீட்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த விதியை அவரே எத்தனையோ சங்கங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்த கொடுப்பனவு நாள் வந்தது. குறிப்படி பிரித்த பங்கு கடிதம் எழுதிய நாளிலிருந்துதான் செல்லும்; றுக்கியா இன்னும் தன் கடிதத்தில் கைநாட்டு வைக்கவில்லை. அவளுக்குச் சேர வேண்டியதென்று அவள் பேரில் பதிவேட்டில் இருந்தது ஒரே ஒரு வரிதான். இருபத்து நான்காம் இலக்கம், மூன்று பைந்து. அந்தப் பாலைக் கானோடு ஆற்றில் ஊற்றிவிட்டார்கள். ஆனால் அளந்து கானில் ஊற்றிய பிறகு பால் சங்கத்தினுடையது, நட்டம் சங்கத்தினுடையது, உறுப்பினருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றரை ரூபாய்.

றுக்கியா இறந்த கணவனுக்காக இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது. கைநாட்டை நேரில் வாங்க வேண்டும் என்ற உத்தரவோ பாக்கியரத்தினத்தின் கையெழுத்தோடு சங்கச் சுவரில் ஒட்டியிருந்தது. அதனால் அவரே கொடுப்பனவுத் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். வீடு வீடாகத் தாளைக் கொண்டுதிரியக் கூடாது என்றும் அதே உத்தரவில் இருந்தது. சிவபாதம் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

வெள்ளைச் சீலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஆதம்பாவா கையில் கட்டோடு வெளியே இருந்தார். ஒரு தம்பியும் இல்லை, ஒரு மச்சானும் இல்லை. இந்த மனிதர் மட்டும் மிச்சம். பாக்கியரத்தினம் நிலத்தில் குந்தி, தாளையும் மையையும் ஒன்றரை ரூபாயையும் திரைக்குக் கீழே தள்ளினார்.

"எத்தின பைந்துக்கு?" என்று திரைக்கு உள்ளேயிருந்து கேட்டது குரல்.

"மூண்டு, தங்கச்சி."

"ஆற்ற பால் எண்டு எழுதியிரிக்கி?"

"உங்கட."

"கலியாணம் முடிச்சு ஒன்பது வருசம்" என்றாள். "அவ்வளவு நாளும் என்ட பால் எண்டு நீங்க எழுதினது அவர் கறந்த இந்த மூண்டு பைந்துதானா?"

பாக்கியரத்தினம் அழுதுகொண்டிருந்தார், ஆதம்பாவா அதைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினார்.

திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. பெருவிரலை மையில் தொட்டு, தாளில் காட்டிய இடத்தில் அழுத்தமாக வைத்தது. பிறகு ஒரு ரூபாய்த் தாளையும் ஐம்பது சதக் குற்றியையும் திருப்பி அவர் பக்கமே தள்ளியது.

"இதையும் ஆதம்பாவா காக்காட கடனில கழிச்சிருங்க."

விதிப்படி அதற்குப் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். பாக்கியரத்தினம் முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினார். இருபத்து நான்காம் இலக்கத்திடமிருந்து பெற்றது, பதினேழாம் இலக்கத்தின் கணக்கில் வரவு, ரூபாய் ஒன்று சதம் ஐம்பது. எழுதியதைக் கிழித்துத் திரைக்குக் கீழே நீட்டினார். அதை வாங்கக் கை வரவில்லை.